ஓட்டச் செயலியின் ஸ்கிரீன்ஷாட்டைப் படிப்பது எப்படி? யானைக்கவுனியில் ஓடிய ஐந்து கிலோமீட்டர்

காலையில் ஓடிவிட்டு வருபவர்கள் இப்போது கைக்கடிகாரமோ கைபேசிச் செயலியோ காட்டும் படத்தை நண்பர்கள் குழுவில் பகிர்வது வழக்கமாகிவிட்டது. அந்தப் படத்தில் ஓடிய தூரம், நேரம், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஆன நேரம், நிமிடத்திற்கு எத்தனை அடி, நிமிடத்திற்கு எத்தனை இதயத்துடிப்பு என்று பல எண்கள் இருக்கும். புதிதாக ஓடத் தொடங்கியவர் பெரும்பாலும் சராசரியை மட்டும் பார்த்து மகிழ்கிறார் அல்லது பயப்படுகிறார். சராசரியில் செய்தி குறைவு. எண்களை ஒன்றோடொன்று சேர்த்து, கிலோமீட்டர் வாரியாகப் படித்தால்தான் உடலுக்குள் நடந்தது தெரியும். அதை ஓர் உண்மையான எடுத்துக்காட்டின் வழியே இக்கட்டுரையில் காண்போம்.

எடுத்துக்காட்டு

யானைக்கவுனியில் வால்டாக்ஸ் சாலையை ஒட்டிய தெருவில் வசிக்கும் இளைஞர் ஒருவர் என்னிடம் படித்தவர். வயது 26. துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதும் வேலை. ஓடத் தொடங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. மே மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலை 6:50-க்குப் புறப்பட்டு, யானைக்கவுனி மேம்பாலம் ஏறி இறங்கி, ராஜா முத்தையா சாலை வழியாக நேரு விளையாட்டரங்கின் பக்கம் சென்று, அங்கேயே சுற்றி, மொத்தம் 5 கிலோமீட்டர் ஓடினார். அன்று மாலை கைபேசியைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார்.

"சார், கடைசிக் கிலோமீட்டர்ல சோம்பேறித்தனம் பண்ணிட்டேன்னு குரூப்புல சொல்றாங்க. அம்மா என்னடான்னா, ஹார்ட்பீட் 168 போயிருக்கு, இனிமே ஓடவே கூடாதுங்கறாங்க. நான் எதைக் கேக்கறது சார்?"

இரண்டு தரப்பும் ஒரே படத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள். ஒருவர் இன்னும் வேகமாக ஓடச் சொல்கிறார், இன்னொருவர் நிறுத்தச் சொல்கிறார். படத்தின் மேற்பகுதியில் இருந்த எண்கள் இவை:

`Distance` 5.00 கி.மீ.
`Moving Time` 35:30
`Elapsed Time` 39:10
`Avg Pace` 7:06 /km
`Avg HR` 160 bpm
`Avg Cadence` 161 spm

அதற்குக் கீழே கிலோமீட்டர் வாரியான பட்டியல் இருந்தது. அடி எண்ணிக்கை தனி வரைகோடாக இருந்ததால், அதையும் படித்து ஒரே அட்டவணையாக எழுதிக்கொண்டோம்.

| கி.மீ. | பேஸ் | இதயத்துடிப்பு | அடி எண்ணிக்கை |
|---|---|---|---|
| 1 | 6:58 | 163 | 163 |
| 2 | 7:00 | 150 | 162 |
| 3 | 7:02 | 157 | 162 |
| 4 | 7:06 | 163 | 160 |
| 5 | 7:24 | 168 | 156 |

பேஸும் ஸ்ப்ளிட்டும்

பேஸ் என்பது ஒரு கிலோமீட்டர் தூரத்தைக் கடக்க ஆகும் நேரம். பள்ளியில் நாம் படித்த வேகம் ஒரு மணி நேரத்தில் கடக்கும் தூரத்தைச் சொல்வது. பேஸ் அதைத் தலைகீழாகச் சொல்கிறது. ஆகவே எண் சிறியதாக இருந்தால் ஓட்டம் வேகமானது. 7:24-ஐ விட 6:58 வேகம் கூடியது.

மாணவர்கள் இங்கே செய்யும் பிழை ஒன்று உண்டு. 7:24 என்பது 7 நிமிடம் 24 விநாடி. அதை 7.24 நிமிடம் என்று கணக்கியில் போட்டால் விடை தவறாகும். 24 விநாடியை 60-ஆல் வகுத்தால் 0.4. ஆகவே 7:24 என்பது 7.4 நிமிடம். பின்னால் வரும் கணக்கிற்கு இது தேவைப்படும்.

ஒவ்வொரு கிலோமீட்டருக்குமான பேஸைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டுவதே ஸ்ப்ளிட். மேலே உள்ள அட்டவணையில் முதல் நான்கு கிலோமீட்டரும் 8 விநாடி வேறுபாட்டுக்குள் அடங்கியிருக்கின்றன. புதியவருக்கு இது மிகச் சீரான ஓட்டம். ஐந்தாவதில் மட்டும் 18 விநாடி கூடியிருக்கிறது. குழுவினர் 'சோம்பேறித்தனம்' என்றது இந்த 18 விநாடியைத்தான்.

இந்த நேரங்களை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதையும் பார்க்க வேண்டும். சௌகார்பேட்டை போன்ற குறுகிய, இருபுறமும் மாடிக் கட்டடங்கள் நெருங்கிய தெருக்களில் செயற்கைக்கோள் சமிக்ஞை சுவர்களில் பட்டுத் திரும்பி வரும். அப்போது கடிகாரம் நாம் இருக்கும் இடத்தைச் சில மீட்டர் தள்ளிக் காட்டும். வரைபடத்தில் நம் பாதை கட்டடங்களுக்குள் புகுந்து வளைந்து வளைந்து போயிருந்தால், அந்தப் பகுதியின் பேஸை நம்பக்கூடாது. இந்த இளைஞர் அகலமான சாலையில் ஓடியதால் கோடு நேராகவே இருந்தது.

வடசென்னை சமதளம். இங்கே மேடு என்றால் பாலம்தான். இவர் புறப்பட்டதும் மேம்பாலத்தில் ஏறி உடனே இறங்கிவிட்டார். ஏற்றமும் இறக்கமும் ஒரே கிலோமீட்டருக்குள் வந்ததால், உயர வேறுபாடு ஏறக்குறைய சுழியம் என்றே பட்டியலில் பதிவானது. ஓட்டம் மறுபுறமே முடிந்ததால் ஐந்தாவது கிலோமீட்டரில் பாலம் குறுக்கிடவில்லை. ஆகவே கடைசியில் வந்த தளர்வுக்கு மேடு காரணமல்ல.

நின்ற நேரம் எங்கே போனது?

`Moving Time` என்பது ஓடிக்கொண்டிருந்த நேரம் மட்டும். `Elapsed Time` என்பது புறப்பட்டதிலிருந்து முடிக்கும் வரை ஆன முழு நேரம். இரண்டுக்கும் இடையே 3 நிமிடம் 40 விநாடி வேறுபாடு இருக்கிறது. நாம் நிற்கும்போது செயலி தானாகவே கணக்கை நிறுத்திவிடும் வசதி இருப்பதால், அந்த நேரம் பேஸில் சேரவில்லை.

எங்கே நின்றார் என்று கேட்டேன். முதல் கிலோமீட்டர் முடிந்ததும் சாலையைக் கடப்பதற்காக நின்றிருக்கிறார். கைக்கடிகாரத்தின் வார் தளர்ந்து ஆடியதால் அதையும் அப்போது இறுக்கிக் கட்டியிருக்கிறார். நின்ற நேரம் முழுவதும் அந்த ஓரிடத்திலேயே கழிந்திருக்கிறது.

இது அற்பமான செய்தி போலத் தோன்றும். ஆனால் நிற்கும்போது இதயத்துடிப்பு இறங்குகிறது. மூன்று நிமிடம் ஓய்வெடுத்துவிட்டுத் தொடங்கியதால், இரண்டாம் கிலோமீட்டரின் 150 என்ற எண் இயல்பைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். ஆகவே அதை அடிப்படையாக வைத்து எதையும் ஒப்பிடக்கூடாது. சிக்னலுக்குச் சிக்னல் நின்று ஓடுபவரின் படத்தில் இதயத்துடிப்பு அழகாகத் தாழ்ந்திருப்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

முதல் கிலோமீட்டரின் 163: பொய்யான எண்

அட்டவணையின் முதல் வரியை மீண்டும் பாருங்கள். இதயத்துடிப்பு 163, அடி எண்ணிக்கையும் 163. இது தற்செயல் அல்ல.

மணிக்கட்டில் கட்டும் கடிகாரம் பச்சை ஒளியைத் தோலுக்குள் செலுத்தி, ரத்த ஓட்டம் கூடிக் குறைவதால் திரும்பி வரும் ஒளியில் ஏற்படும் மாற்றத்தை எண்ணுகிறது. வார் தளர்ந்திருந்தால், ஒவ்வோர் அடிக்கும் கடிகாரம் குலுங்கி, அந்தக் குலுக்கலும் ஒளியில் மாற்றத்தை உண்டாக்கும். கருவி குழம்பி, துடிப்புக்குப் பதிலாக அடிகளை எண்ணத் தொடங்கிவிடும். ஓடுபவர்களிடையே இது பரவலாக அறியப்பட்ட கோளாறு.

இதைக் கண்டுபிடிக்க மூன்று அடையாளங்கள் உள்ளன. முதலாவது, இதயத்துடிப்புக் கோடும் அடிக் கோடும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிச் செல்லும். இரண்டாவது, துடிப்பு படிப்படியாக ஏறாமல் சுவர் போல நேராக எழும். இவருடைய வரைகோட்டில் ஓடத் தொடங்கிய அரை நிமிடத்திலேயே 163 வந்துவிட்டது. நிதானமாக ஓடத் தொடங்கியவரின் இதயம் அப்படித் தாவுவதில்லை, இரண்டு மூன்று நிமிடம் எடுத்துக்கொண்டு ஏறும். மூன்றாவது, வாரை இறுக்கியதும் எண் சட்டென்று விழுந்து, பிறகு ஒழுங்காகச் செல்லும். இங்கே மூன்றும் இருந்தன.

இதை உறுதிசெய்யக் கருவி எதுவும் வேண்டாம். நின்ற உடனே கழுத்தின் பக்கவாட்டில் இரண்டு விரலை மெல்ல வைத்து 15 விநாடிக்குத் துடிப்பை எண்ணி 4-ஆல் பெருக்கினால் போதும். கடிகாரத்தை மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரற்கடை மேலே, நகராதபடி கட்டினால் இந்தக் கோளாறு பெரிதும் குறையும். மார்பில் கட்டும் பட்டை இதயத்தின் மின் சமிக்ஞையையே அளப்பதால், அதில் இந்தக் குழப்பம் இல்லை.

முதல் கிலோமீட்டரின் உண்மைத் துடிப்பு 140-ஐ ஒட்டி இருந்திருந்தால், `Avg HR` 160 அல்ல, 156 தான். சராசரியை மட்டும் பார்த்தவருக்கு இது தெரியவே தெரியாது. முதல் வரியின் துடிப்பை அடித்துவிட்டோம்.

அடி எண்ணிக்கையும் 180 என்ற எண்ணும்

கேடன்ஸ் என்பது ஒரு நிமிடத்தில் இரண்டு கால்களும் சேர்ந்து வைக்கும் அடிகளின் எண்ணிக்கை. சில கருவிகள் ஒரு காலை மட்டும் எண்ணி 80, 81 என்று காட்டும். அப்படி இருந்தால் இரண்டால் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

இவரிடம் குழுவினர், "180 இருக்கணும், நீ 160தான் இருக்க" என்றும் சொல்லியிருக்கிறார்கள். அந்த 180 எங்கிருந்து வந்தது? 1984-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் பயிற்சியாளர் ஜாக் டேனியல்ஸ் ஓட்ட வீரர்களின் அடிகளை எண்ணிப் பார்த்தார். ஏறக்குறைய எல்லோருமே நிமிடத்திற்கு 180 அல்லது அதற்கு மேல் அடி வைத்தார்கள். அவர்கள் உலகின் முதல்தர வீரர்கள், ஓடியதும் போட்டி வேகத்தில். வேகம் கூடினால் அடி எண்ணிக்கையும் கூடும். 7 நிமிடத்தில் ஒரு கிலோமீட்டர் ஓடும் புதியவர் 155 முதல் 165 வரை வைப்பது இயல்பே. உயரமானவருக்கு இன்னும் குறையலாம்.

அடி எண்ணிக்கையிலிருந்து அடி நீளத்தைக் கணக்கிடலாம். மூன்றாம் கிலோமீட்டரில் 7:02 பேஸ் என்றால் நிமிடத்திற்கு ஏறத்தாழ 142 மீட்டர். அதை 162-ஆல் வகுத்தால் ஓர் அடி 0.88 மீட்டர். ஐந்தாம் கிலோமீட்டரில் நிமிடத்திற்கு 135 மீட்டர், 156 அடி. வகுத்தால் 0.87 மீட்டர். அடி நீளம் அநேகமாக மாறவில்லை. அடிகள்தான் 162-இலிருந்து 156-க்குக் குறைந்திருக்கின்றன. அதாவது கால்கள் மெதுவாக மாறி மாறி விழத் தொடங்கிவிட்டன. இது களைப்பின் அடையாளம்.

முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. அதே வேகத்தில் அடி எண்ணிக்கையை 5 முதல் 10 விழுக்காடு கூட்டினால் முழங்கால், இடுப்பு மூட்டுகளில் விழும் சுமை குறைகிறது என்று அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் காட்டினர். 160 வைப்பவர் 168-க்கு முயலலாம். ஒரே தாவலாக 180-ஐப் பிடிக்க முயல்வது தேவையற்றது.

இதயத்துடிப்பு ஏற்றம்

இப்போது முக்கியமான பகுதிக்கு வருவோம். மூன்றாம் கிலோமீட்டரில் 157, நான்கில் 163, ஐந்தில் 168. வேகம் கூடவில்லை, குறைந்திருக்கிறது. ஆனாலும் துடிப்பு ஏறிக்கொண்டே போகிறது. ஒரே வேகத்தில் ஓடியும் நேரம் ஆக ஆகத் துடிப்பு உயர்வதையே இதயத்துடிப்பு ஏற்றம் என்கிறோம். ஓடுபவர்கள் இதை 'ஹார்ட் ரேட் டிரிஃப்ட்' என்பார்கள்.

இதை ஒரே எண்ணாகப் பார்க்க எளிய வழி உண்டு. பேஸை நிமிடத்தில் எழுதி, அந்தக் கிலோமீட்டரின் துடிப்பால் பெருக்க வேண்டும். கிடைப்பது, ஒரு கிலோமீட்டரைக் கடக்க இதயம் எத்தனை முறை துடித்தது என்பது. பேருந்துக்கு ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு டீசல் என்று கணக்குப் பார்ப்பது போலத்தான் இது.

| கி.மீ. | கணக்கு | ஒரு கிலோமீட்டருக்கான துடிப்புகள் |
|---|---|---|
| 3 | 7.03 × 157 | 1104 |
| 4 | 7.1 × 163 | 1157 |
| 5 | 7.4 × 168 | 1243 |

1104-இலிருந்து 1243-க்கு என்றால் 12.6 விழுக்காடு ஏற்றம். கடைசிக் கிலோமீட்டரில் இவர் சோம்பியிருக்கவில்லை. மெதுவாக ஓடியும் இதயம் அதிகமாக உழைத்திருக்கிறது. குழுவினர் பேஸை மட்டும் பார்த்தார்கள், துடிப்போடு சேர்த்துப் பார்க்கவில்லை.

எவ்வளவு ஏற்றம் இயல்பு? நெடுந்தூரப் பயிற்சியாளர் ஜோ ஃபிரீல் நீண்ட சீரான பயிற்சிகளுக்கு, முதல் பாதிக்கும் இரண்டாம் பாதிக்கும் இடையே 5 விழுக்காட்டுக்குள் இருந்தால் நல்லது என்ற அளவைப் பரவலாக்கினார். அரைமணி நேரம் ஓடும் புதியவருக்கு அதை அப்படியே சட்டமாகப் பொருத்த முடியாது. ஆனாலும் குறுகிய ஓட்டத்திலேயே 12 விழுக்காடு தாண்டுவது கவனிக்க வேண்டியதே.

ஏன் ஏறுகிறது?

ஓடும்போது தசைகள் வெப்பத்தை உண்டாக்குகின்றன. அதை வெளியேற்ற உடல் தோலுக்கு அதிக ரத்தத்தை அனுப்புகிறது. வியர்வையாக நீர் வெளியேறுவதால் ரத்தத்தின் நீர்ப்பகுதியும் குறைகிறது. இதனால் இதயத்திற்குத் திரும்பி வரும் ரத்தம் குறைந்து, ஒரு துடிப்பில் வெளியேறும் ரத்தத்தின் அளவும் குறைகிறது. தசைக்குத் தேவையான ரத்தத்தைக் கொடுக்க, இதயம் துடிப்பைக் கூட்டி ஈடுசெய்கிறது. இது பழுது அல்ல, உடலின் ஏற்பாடு.

சென்னையில் இது மிகுதியாக நேர்வதற்குக் காரணம் காற்றின் ஈரப்பதம். வியர்வை வடிவதால் உடல் குளிர்வதில்லை, அது ஆவியாகும்போதுதான் குளிர்கிறது. கடலோரக் காலைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் சொட்டுகிறது. மே மாதத்தில் சூரியன் 5:45-ஐ ஒட்டி உதித்துவிடுகிறது. 6:50-க்குப் புறப்பட்டவர் வெயிலில்தான் ஓடியிருக்கிறார்.

இன்னொரு காரணமும் உண்டு. உடல் தகுதிக்கு மீறிய வேகத்தில் ஓடினாலும் துடிப்பு நிலைகொள்ளாமல் ஏறிக்கொண்டே போகும். 168 இவருக்கு அதிகமா? 220-இலிருந்து வயதைக் கழிக்கும் பழைய கணக்கின்படி இவருடைய உச்சத் துடிப்பு 194. டனாகா குழுவினர் 2001-இல் தந்த கணக்கின்படி, 208-இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழித்தால் 190. இரண்டுமே மதிப்பீடுகள்தான். ஆளுக்கு ஆள் பத்துத் துடிப்பு கூடவோ குறையவோ இருப்பது சாதாரணம். 190 என்று கொண்டால் 168 என்பது 88 விழுக்காடு. ஓடும்போது ஒரு முழு வாக்கியம் பேச முடிந்ததா என்று கேட்டேன். மூன்றாம் கிலோமீட்டரிலேயே முடியவில்லை என்றார். அந்தப் பதில் சூத்திரத்தைவிட நம்பகமானது. அவருக்கு 7 நிமிட பேஸ் இன்னும் நிதான ஓட்டம் ஆகவில்லை.

படத்தில் இல்லாதது

"முடிக்கும்போது எப்படி இருந்தது?" என்று கேட்டபோது அவர் சொன்னதுதான் என்னைக் கவலைப்பட வைத்தது. வெயிலில் நனைந்து ஓடிக்கொண்டிருந்தவருக்குக் கடைசியில் உடல் சிலிர்த்து, லேசாகத் தலை சுற்றியிருக்கிறது. வெயிலில் ஓடும்போது வரும் சிலிர்ப்பும் தலைச்சுற்றலும் உடல் வெப்பத்தைச் சமாளிக்க முடியாமல் தவிப்பதன் முன்னறிவிப்பு. அந்த நேரத்தில், "சோம்பேறி" என்ற சொல்லுக்குப் பயந்து வேகத்தைக் கூட்டியிருந்தால் மயங்கி விழுந்திருக்கக்கூடும். அடுத்த ஞாயிறு அப்படிச் செய்வதாகத்தான் அவர் எண்ணியிருந்தார்.

சிலிர்ப்பு, தலைச்சுற்றல், குழப்பம், குமட்டல் ஆகியவை வந்தால் ஓட்டத்தை அங்கேயே நிறுத்தி, நிழலுக்குச் சென்று, தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டும். குழப்பமோ மயக்கமோ இருந்தால் அருகில் உள்ளவர் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். நெஞ்சுவலி, ஓடும்போது மயக்கம், துடிப்பு தாறுமாறாக ஓடுவது போன்ற உணர்வு, இளவயதில் இதயநோயால் இறந்தவர் குடும்பத்தில் இருப்பது ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் ஓட்டத்தைத் தொடரும் முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும். துடிப்பைக் குறைக்கும் ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவருக்கு மேலே சொன்ன உச்சத் துடிப்புக் கணக்குகள் பொருந்தா. ஸ்கிரீன்ஷாட்டைக் கொண்டு நோய் இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்ல முடியாது. இவரும் தலைச்சுற்றலைப் பற்றி மருத்துவரிடம் சொல்லி, சோதித்து, நிதானமாக ஓடலாம் என்று தெரிந்துகொண்ட பிறகே மறுபடி ஓடினார்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

ஏற்றத்திற்கு வெயில் காரணமா, வேகம் காரணமா என்று ஒரே படத்தை வைத்துச் சொல்ல முடியாது. அறிவியல் பாடத்தில் சோதனை செய்வது போல, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கச் சொன்னேன்.

முதலில் வேகத்தை மட்டும் மாற்றினார். அதே பாதை, அதே 6:50 மணி, பேஸ் மட்டும் 8:00. மூன்றாம் கிலோமீட்டரில் துடிப்பு 141, ஐந்தில் 146. ஒரு கிலோமீட்டருக்கு 1128-இலிருந்து 1168, அதாவது 3.5 விழுக்காடு ஏற்றம். ஓடிக்கொண்டே பேசவும் முடிந்தது.

பிறகு நேரத்தை மட்டும் மாற்றினார். பேஸ் அதே 8:00, புறப்பட்டது 5:10-க்கு. மூன்றாம் கிலோமீட்டரில் 138, ஐந்தில் 141. துடிப்புகள் 1104-இலிருந்து 1128, ஏற்றம் 2.2 விழுக்காடு.

பெரும்பகுதி ஏற்றம் வேகத்தால் வந்தது, வெயில் அதற்கு மேலே தன் பங்கைச் சேர்த்தது என்று இதிலிருந்து கொள்ளலாம். ஓரிரு ஓட்டங்களை வைத்து முடிவு கட்டக்கூடாது என்பதும் உண்மை. முந்தைய இரவின் தூக்கம், காய்ச்சல், குடித்த காப்பி ஆகியவையும் துடிப்பை மாற்றும். வெயிலுக்கு உடல் பழக இரண்டு வாரம் வரை ஆகும் என்பதால், மூன்றாவது ஓட்டத்தில் அந்தப் பழக்கமும் கொஞ்சம் சேர்ந்திருக்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 7:02 பேஸில் மூன்றாம் கிலோமீட்டருக்கு 1104, மெதுவான 8:00 பேஸில் 1128. மெதுவாக ஓடியபோது உழைப்பு கூடிவிட்டதா என்று அவர் கேட்டார். இல்லை. மெதுவாக ஓடும்போது ஒரு கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம் கூடுதலாக ஆகிறது, அந்த நிமிடத்திலும் இதயம் துடிக்கத்தானே செய்யும்! ஆகவே இந்த எண்ணை ஒரே ஓட்டத்திற்குள் தொடக்கத்தையும் முடிவையும் ஒப்பிடவும், ஒரே பேஸில் ஓடிய வெவ்வேறு நாட்களை ஒப்பிடவும் மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

படிக்கும் வரிசை

அடுத்த முறை உங்கள் கைக்கு ஒரு படம் வந்தால், முதலில் `Moving Time`, `Elapsed Time` இரண்டையும் பார்த்து எங்கே நின்றீர்கள் என்று நினைவுபடுத்துங்கள். அடுத்து, துடிப்பும் அடி எண்ணிக்கையும் ஒன்றாக ஒட்டிய பகுதி இருந்தால் அந்தத் துடிப்பை நீக்குங்கள். பிறகு பேஸ் எங்கே மாறுகிறது என்று பாருங்கள். மாறிய இடத்தில் அடி எண்ணிக்கையும் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக, நடுவில் உள்ள ஒரு கிலோமீட்டருக்கும் இறுதிக் கிலோமீட்டருக்கும் துடிப்புகளைப் பெருக்கி ஒப்பிடுங்கள். அதன் பக்கத்தில், உடல் எப்படி இருந்தது என்று ஒரு வரி எழுதி வையுங்கள். அந்த வரியைச் செயலி உங்களுக்காக எழுதித் தராது.

இந்த இளைஞர் இப்போதும் 8 நிமிட பேஸில்தான் ஓடுகிறார். அவருடைய குறிப்பேட்டில் நாள், புறப்பட்ட நேரம், மூன்றாம் கிலோமீட்டர், ஐந்தாம் கிலோமீட்டர் என்று நான்கு பத்திகள் இருக்கின்றன. ஐந்தாவது பத்திக்கு அவர் இட்ட தலைப்பு 'பேச முடிந்ததா?'. அம்மாவுக்குக் காட்டுவது அந்தப் பத்தியைத்தான்.